முட்டையைக் கொண்டு வரச் சொல்லாத மெசேஜ்

போன மார்கழியில ஒரு புதன்கிழமை சாயங்காலம், ஆறே முக்கால் இருக்கும். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து உக்காந்தேன், போன் சத்தம் போட்டுது. எங்க ஊர் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவுல அக்ரி மேடம் ஒரு மெசேஜ் போட்டிருந்தாங்க. அப்படியே தர்றேன்:

“அனைத்து விவசாயப் பெருமக்களுக்கும் வணக்கம். நவரைப் பருவ நெல் விதை நேர்த்தி செயல்விளக்கம் நாளை (வியாழக்கிழமை) காலை 10.30 மணிக்கு நமது கிராமத்தில் நடைபெற உள்ளது. கூடும் இடம்: ஏரிக்கரை. கொண்டு வர வேண்டியவை: ஆதார் நகல், சிட்டா நகல், வங்கி பாஸ்புக் நகல், பாஸ்போர்ட் அளவு புகைப்படம் 2. முதலில் வரும் 20 விவசாயிகளுக்கு இடுபொருள் வழங்கப்படும். தவறாமல் கலந்து கொள்ளவும்.”

நகரத்துல இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு இதுல ஒரு தப்பும் தெரியாது. எனக்கும் அன்னிக்குத் தெரியலை. தேதி, நேரம், இடம், கொண்டு வர வேண்டியது எல்லாம் இருக்குதேன்னுதான் நினைச்சேன். அடுத்த நாள் மத்தியானம் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் இந்த மெசேஜை மறுபடி எடுத்து வரி வரியா படிச்சேன். ஒரு செயல்விளக்கம் உருப்படியா நடக்குமா, இல்லை போட்டோ எடுக்கிற கூட்டமா முடியுமாங்கிறது முந்தின நாள் வர்ற நாலு வரியிலேயே முடிவாயிடுதுன்னு அப்போதான் பட்டுது. அதைப் பத்தித்தான் இன்னிக்கு எழுதறேன்.

எங்க ஊர் எங்கே இருக்குதுன்னு புதுசா வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் மேற்கே, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையைத் தாண்டி உள்ளே வரணும். சாலைக்கு இந்தப் பக்கம் அடுக்குமாடி, அந்தப் பக்கம் மனைக்கல். நடுவுல ஏரித் தண்ணியை நம்பி இன்னும் கொஞ்சம் கழனி மிச்சம் இருக்குது. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிட்டா மார்கழி, தை மாசத்துல நவரை நாத்து விடுவோம். அதுதான் எங்களுக்கு நம்பிக்கையான போகம்.

முதல்ல இடத்தைச் சொல்றேன். ‘ஏரிக்கரை’ன்னு மேடம் போட்டுட்டாங்க. எங்க ஏரிக்கரை ஒண்ணரை கிலோமீட்டர் நீளம். வடக்குக் கோடியில கலங்கல், தெக்கால மதகு. பத்தரைக்கு நாங்க ஏழெட்டுப் பேர் மதகுகிட்ட நின்னோம். விதை நேர்த்தின்னா தண்ணி வேணும், நாத்தங்கால் பக்கத்துல இருக்கணும், மதகுதானே இடம்னு எங்க கணக்கு. மேடம் ஜீப்பு கலங்கல் பக்கம் வந்து நின்னுது, ஏன்னா ஜீப்பு போற வழி அதுதான். அங்கே வேற ஒரு அஞ்சாறு பேர். இவங்க வரலைன்னு அவங்களும், அவங்க வரலைன்னு நாங்களும் முக்கால் மணி நேரம் நின்னோம். ஒருத்தர் கேட்டு லொகேஷன் அனுப்பச் சொன்னார். வந்த லொகேஷன் திறந்து பார்த்தா, அது வட்டார அலுவலகத்துல இருந்து கிளம்பும்போதே யாரோ போட்டது. எல்லாரும் சிரிச்சோம். ஆனா வெயில் ஏறினதுல மூணு பேர் வீட்டுக்குப் போயிட்டாங்க. ஒருத்தருக்குக் கறவை நேரம் தாண்டிப் போச்சு, இன்னொருத்தர் அம்பத்தூர் எஸ்டேட்டுல ரெண்டாவது ஷிப்ட்டுக்குப் போகணும்.

இந்த ஷிப்ட்டு விஷயத்தைச் சாதாரணமா விட்டுடாதீங்க. எங்க பக்கத்து விவசாயி பாதிப் பேர் அரை நாள் விவசாயி. விடியக்காலை கழனி, அப்புறம் கம்பெனி, இல்லைன்னா ஆட்டோ, இல்லைன்னா கட்டட வேலை. தஞ்சாவூர் பக்கம் பத்தரைக்குக் கூட்டம் வைக்கலாமோ என்னவோ. இங்கே ஏழு மணிக்கு வெச்சா வருவாங்க, பத்தரைக்கு வெச்சா என்னை மாதிரி மாடு மேய்க்கிறவனும் பென்ஷன் வாங்குறவரும்தான் வருவோம்.

கடைசியில மதகுகிட்டயே கூடினோம். மேடம் நல்லவங்க, சின்னப் பொண்ணு, படிச்சதைக் கையால செஞ்சு காட்டணும்கிற ஆசை இருக்குது. வண்டியில இருந்து ரெண்டு பக்கெட், ஒரு பாக்கெட் உப்பு, உயிர் மருந்து பாக்கெட், விதை நெல் ஒரு பை எல்லாம் இறக்கினாங்க. பேனரைக் கட்டினோம். அன்னிக்குக் காட்ட வேண்டியது உப்புத் தண்ணியில விதை பிரிக்கிறது. உங்கள்ல பல பேர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, அதனால நிதானமா சொல்றேன்.

நெல்லைத் தண்ணியில போட்டா பதர் மிதக்கும், அது எல்லாருக்கும் தெரியும். உள்ளே ஒண்ணுமே இல்லாத வெறும் உமி அது. ஆனா பாலேறி பாதியில நின்னுபோன நெல்லு, நாங்க கருக்கான்னு சொல்றது, அது வெறும் தண்ணியில முங்கிடும். பார்க்கிறதுக்கு நல்ல நெல்லு மாதிரியே இருக்கும். அதை விதைச்சாலும் முளைக்கும். என்ன ஒண்ணு, முளைக்கு அம்மா வீட்டுச் சீதனம் மாதிரி உள்ளே இருக்க வேண்டிய மாவு குறைச்சல். முதல் பத்து நாளைக்கு நாத்து தன் வேரால சாப்பிடறதைவிட அந்த மாவைத்தான் அதிகம் நம்பி இருக்குது. மாவு குறைஞ்ச விதையில வர்ற நாத்து சவலைப் பிள்ளை. நவரைக்கு நாங்க போடறது நூத்திச் சொச்சம் நாள் ரகம். இருபது இருபத்தஞ்சு நாள்ல நாத்தைப் பிடுங்கி நட்டாகணும். சவலையா இருந்தா தேத்திக்க நாளே கிடையாது, அப்படியே மூணு தூரோட நின்னுடும்.

அதனால தண்ணியைக் கொஞ்சம் கனமாக்கணும். அதுக்குத்தான் உப்பு. பத்து லிட்டர் தண்ணிக்கு கிட்டத்தட்ட ஒண்ணரை கிலோ கல்லுப்பு பிடிக்கும். ஆனா உப்புக்கு உப்பு ஈரம் மாறும், படியும் தராசும் மாறும். அதனால பழைய ஆளுங்க கண்டுபிடிச்ச அளவுகோல் கோழிமுட்டை. தண்ணியில முட்டையைப் போடு, அடியில போய்ப் படுக்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டுக் கரை. முட்டை எழும்பி மேலே வந்து, அதோட மண்டை நாலணா காசு அகலத்துக்குத் தண்ணிக்கு வெளியே தெரிஞ்சா கரைசல் சரி. (நாலணா செல்லாமப் போனது 2011-ல. மேடம் இன்னமும் நாலணான்னுதான் சொன்னாங்க. அவங்க பார்த்திருப்பாங்களான்னு சந்தேகம்.) அப்புறம் நெல்லைக் கொட்டிக் கிளறினா கருக்காவும் மேலே வந்துடும். அள்ளி எறிஞ்சுட்டு, முங்கின நெல்லை நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை உப்பு போக அலசிடணும். அலசாம விட்டா உப்பே முளைப்பைக் கெடுத்துடும்.

இப்போ அன்னிக்கு நடந்த கூத்துக்கு வர்றேன். மேடம் உப்பைப் பிரிச்சாங்க, தண்ணி ஊத்தினாங்க, முட்டைன்னு கையை நீட்டினாங்க. முட்டை இல்லை. வண்டியில ஏத்த மறந்துட்டாங்க. மெசேஜ்லயும் யாரையும் கொண்டு வரச் சொல்லலை. பதினோரு பேர் கையிலயும் ஆதார் இருக்குது, சிட்டா இருக்குது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருக்குது, ஒருத்தன் கையிலயும் முட்டை இல்லை.

பையன் ஒருத்தன் வண்டியை எடுத்துட்டுப் போய் மெயின் ரோட்டுக் கடையில வாங்கி வந்தான். போட்டதும் முட்டை வெறும் தண்ணியிலயே அடியில நேரா நட்டுக்கிட்டு நின்னுது. மேடம் அதைக் கவனிக்கலை, உப்பைப் போட ஆரம்பிச்சாங்க. ரெண்டு கை உப்புதான், முட்டை ஜம்முன்னு மேலே வந்துடுச்சு. “பாருங்க, ரெடி” அப்படின்னு அவங்க கொண்டு வந்த நெல்லைக் கொட்டினாங்க. நாலு பதர் மிதந்துது. எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர், வாயைக் கட்டவே மாட்டார், “ஏம்மா, இதுக்கு உப்பு எதுக்கு? இதை நான் வீட்டுத் தொட்டியிலயே பார்த்துருப்பேனே”ன்னுட்டார். எல்லாரும் தலையாட்டினாங்க. செயல்விளக்கம் அந்த இடத்துல செத்துப் போச்சு.

தப்பு முறையில இல்லை, முட்டையில. முட்டை ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத துளைங்க இருக்குது. நாள் ஆக ஆக உள்ளே இருக்கிற ஈரம் அது வழியா வெளியே போய், தடிச்ச முனையில காத்துப்பை பெரிசாகும். முட்டையோட எடை குறையும், அளவு அப்படியே இருக்கும். இன்னிக்கு இட்ட முட்டை தண்ணிக்கடியில மல்லாக்கப் படுக்கும். ஒரு வாரம் ஆனா ஒரு முனை தூக்கும். இன்னும் நாளானா நட்டுக்கிட்டு நிக்கும், ரொம்பப் பழசு மிதக்கவே மிதக்கும். பழைய முட்டையை வெச்சு அளந்தா உப்பு பத்தாது. உப்பு பத்தலைன்னா கருக்கா முங்கிடும். பார்க்கிறவன் இது வீண் வேலைன்னு வீட்டுக்குப் போயிடுவான், அடுத்த பத்து வருஷத்துக்கு அந்த ஊர்ல யாரும் உப்புத் தண்ணியைத் தொட மாட்டான்.

என் பொண்டாட்டி வளர்க்கிற நாட்டுக்கோழி அன்னிக்குக் காலையில இட்டது ஞாபகம் வந்து, நான் சைக்கிள்ல போய் எடுத்து வந்தேன். வரும்போது வீட்டுல இருந்த என் விதை நெல்லுல பத்து கிலோ தூக்கிட்டு வந்தேன். கோ 51, சொர்ணவாரியில அறுத்து நானே எடுத்து வெச்சது. உப்பும் பத்தலை, டீக்கடைக்காரர்கிட்ட கல்லுப்பு வாங்கினோம். இந்தத் தடவை முட்டை மல்லாக்கப் படுத்துது. உப்பு போடப் போட, ஒரு கிலோ தாண்டியும் அசையலை. கூட்டம் கிட்ட வந்து எட்டிப் பார்க்க ஆரம்பிச்சுது. ஒண்ணரை கிலோ கிட்ட போனதும் மெதுவா எழும்பி, மண்டை வெளியே தெரிஞ்சுது.

அஞ்சு கிலோவைத் தனியா வெறும் தண்ணியில போட்டோம். ரெண்டு கை பதர்தான் மிதந்துது. அதை வழிச்சுட்டு, அதே நெல்லை வடிகட்டி உப்புத் தண்ணியில கொட்டிக் கிளறினோம். மேலே பாய் விரிச்ச மாதிரி நெல்லு. அள்ளி டீக்கடைத் தராசுல போட்டா நானூறு கிராம் சொச்சம். அஞ்சு கிலோவுல அது எல்லாம் நான் நல்ல விதைன்னு நம்பி வெச்சிருந்தது. அந்த வாய் கட்டாத பெரியவர் மிதந்த நெல்லுல நாலு எடுத்து நகத்தால உடைச்சுப் பார்த்தார். உள்ளே அரிசி அரைக்காப் படியா, சுருங்கி, சுண்ணாம்பு மாதிரி இருந்துது. “என்னுதையும் பார்க்கணும்பா”ன்னு எழுந்து வீட்டுக்குப் போனார். அவர் நெல்லு அறுப்புக்கு முன்னாடி மழையில சாய்ஞ்ச பயிர்ல எடுத்தது. அதுல மிதந்தது என்னுதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. மனுஷன் பேசவே இல்லை.

அரசாங்கப் பையில வர்ற நெல்லு ஏற்கெனவே தூத்திச் சுத்தம் பண்ணின சான்று விதை. அதை உப்புத் தண்ணியில போட்டா மிதக்கிறதுக்குப் பெரிசா ஒண்ணும் இருக்காது, இருக்கவும் கூடாது. சொந்த விதையைப் போட்டுப் பார்த்தாத்தான் வயிறு எரியும். அப்படி எரிஞ்சாத்தான் நம்மாளு செய்வான். ‘கொண்டு வர வேண்டியவை’ங்கிற வரியில ‘உங்க விதை நெல் ரெண்டு கிலோ, இன்னிக்கு இட்ட முட்டை ஒண்ணு’ன்னு இருந்திருந்தா, கலங்கலும் மதகும் குழம்பினா கூட அன்னிக்குக் காரியம் நடந்திருக்கும்.

இன்னொண்ணும் சேர்த்துக் கேட்கணும். உப்புத் தண்ணி கனமான விதையைத்தான் பிரிக்கும், உயிருள்ள விதையைப் பிரிக்காது. போன வருஷத்து நெல்லு, ஈரத்துல மூட்டை கட்டிச் செத்துப் போனது, எலெக்ட்ரிக் பெட்டி மாதிரி கனமா முங்கி உக்காந்திருக்கும், நாத்தங்கால்ல ஒண்ணும் வராது. அதுக்கு நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்குல சுருட்டி வெச்சு, காயாம தண்ணி தெளிச்சு, ஒரு வாரம் கழிச்சுப் பிரிச்சு எண்ணணும். சான்று விதைக்கு எண்பது முளைக்கணும்னு கணக்கு. அதுக்குக் கீழே வந்தா ஒண்ணு விதையளவைக் கூட்டணும், இல்லை விதையை மாத்தணும். இதைச் செயல்விளக்க நாள்ல செஞ்சு காட்ட முடியாது, ஏன்னா ஒரு வாரம் ஆகும். ஆனா மெசேஜ் ஒரு வாரத்துக்கு முன்னாடி வந்தா, “இன்னிக்கே நூறு நெல்லைச் சாக்குல சுருட்டி வெச்சுடுங்க, அந்தச் சுருட்டைக் கொண்டு வாங்க”ன்னு சொல்லிடலாம். பதினஞ்சு பேர் பதினஞ்சு சுருட்டை மதகுமேல பிரிச்சு வெச்சா அதைவிடப் பெரிய பாடம் வேற இல்லை. முந்தின நாள் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு வர்ற மெசேஜால இது ஆகாது.

இதுல மேடம்மேல பழி போட்டு நான் எழுதலை. அவங்க பக்கத்துக் கதையை அன்னிக்கே டீ குடிக்கும்போது கேட்டேன். இடுபொருள் கொடுத்தா யாருக்குக் கொடுத்தேன்னு கணக்கு வேணும். கணக்குக்கு ஆதாரும் சிட்டாவும் வேணும். நடந்ததுன்னு காட்ட இடம், நேரத்தோட போட்டோ வேணும். இவ்வளவும் ஒரே நாள்ல முடிஞ்சாத்தான் அடுத்த ஊருக்குப் போக முடியும், அவங்க கையில பல ஊர். மேலே இருந்து தேதி சொல்றதே சில சமயம் முந்தின நாள்தான். அதனால விளக்கம் சொல்ற நாளும் பொருள் கொடுக்கிற நாளும் ஒண்ணா ஆகிப் போச்சு. ஒண்ணா ஆனதும் ரெண்டாவது முதலாவதை முழுங்கிடுது. ஜெராக்ஸ் கொடுத்த கை, பாக்கெட் வாங்கினதும் கிளம்பிடும்.

எங்க நைனா காலத்துல மெசேஜே கிடையாது. எண்பதுகள்ல உலக வங்கிக் கடன்ல ‘பயிற்சியும் பார்வையிடலும்’னு ஒரு திட்டம் ஓடுச்சு, இஸ்ரேல்காரர் டேனியல் பெனோர் வகுத்த முறை. ஊர் அலுவலர் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, குறிச்ச கிழமையில, குறிச்ச விவசாயி கழனிக்கு வந்தே ஆகணும். எங்க ஊருக்கு ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய். சைக்கிள்ல வருவார், கையில பொருள் ஒண்ணும் இருக்காது. நைனா அவர் வர்ற நாளை அமாவாசை மாதிரி கணக்கு வெச்சிருப்பார். அந்த முறையிலயும் ஓட்டை இருந்துது. அவர் வந்து நிக்கிறது எப்பவும் ஊர்ல பெரிய கழனிக்காரர் வரப்புலதான், சின்னவங்க தள்ளி நின்னு கேட்கணும். ஆனா நாள், இடம் ரெண்டும் குழந்தைக்குக் கூடத் தெரியும்.

அதுக்கும் முன்னாடி இந்த ‘செய்து காட்டல்’ங்கிற வழியை ஊருக்கு ஊர் பரப்பினவர் அமெரிக்காவுல சீமன் நாப்னு ஒருத்தர். 1903-ல டெக்சஸ்ல டெரல்ங்கிற ஊர்ல போர்ட்டர்னு ஒரு விவசாயி நிலத்துல ஆரம்பிச்சார். அரசாங்கப் பண்ணையில அதிகாரி செஞ்சு காட்டினா, ‘சர்க்கார் காசுல யார்தான் செய்ய மாட்டான்’னு விவசாயி போயிடறான்னு அவருக்குப் புரிஞ்சுது. அதனால போர்ட்டர் நிலம், போர்ட்டர் கை, போர்ட்டர் செலவு. நஷ்டம் வந்தா ஈடு கட்ட ஊர் வியாபாரிங்க சேர்ந்து ஒரு நிதி வெச்சாங்க. வருஷக் கடைசியில லாபம்தான் வந்துது, நிதியைத் தொடவே இல்லை. நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் நாம அரசாங்க விதையை அரசாங்க பக்கெட்டுல கொட்டிக் காட்டிக்கிட்டு இருக்கோம்.

இவ்வளவு தூரம் எழுதினதுக்கு முக்கியமான காரணம் இனிமேல்தான் வருது. அன்னிக்கு வராத ஒருத்தரைப் பத்தி.

என் கழனிக்கு அடுத்த மடையில ரெண்டரை ஏக்கர் ஓட்டுறவர் இருக்கார். எனக்கு அண்ணன் முறை. எங்க ஊர்ல நவரையை அவர் அளவுக்கு உயிரைக் கொடுத்துச் செய்யறவர் இல்லை. அவர் மெசேஜைப் பார்த்தார், வரலை. சாயங்காலம் கேட்டேன், “ஏண்ணா வரலை?” “சிட்டா கேட்டிருந்தாங்களேப்பா. நான் எங்கே போவேன்?” அவ்வளவுதான் சொன்னார்.

அவர் ஓட்டுற நிலம் அவருது இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னாடி நகரத்துல ஒருத்தர் வாங்கிப் போட்டது. விலை ஏறட்டும்னு விட்டு வெச்சிருக்கார். சும்மா கிடந்தா முள்ளு மண்டும், யாராவது கொட்டாய் போட்டுடுவான்னு அண்ணன்கிட்ட வாய்வார்த்தையா விட்டிருக்கார். வருஷத்துக்குச் சில மூட்டை அரிசி, கணக்கு தீர்ந்துது. எழுத்துல ஒண்ணும் கிடையாது. ஏன் கிடையாதுன்னும் சொல்லணும். தமிழ்நாட்டுல சாகுபடி செய்யற குத்தகைதாரரைச் சும்மா வெளியேத்த முடியாதுன்னு 1955-லயே சட்டம் இருக்குது. குத்தகைதாரர் பேரைப் பதிவு செய்ய 1969-ல இன்னொரு சட்டம் வந்துது. சட்டம் ஏழைக்காகத்தான். ஆனா கையெழுத்துப் போட்டா நிலம் கையை விட்டுப் போயிடும்னு நிலத்துக்காரர் பயப்படறார். கையெழுத்து கேட்டா ஓட்டுறதுக்கே விட மாட்டாரேன்னு அண்ணன் பயப்படறார். ரெண்டு பயத்துக்கும் நடுவுல காகிதம் இல்லாத கழனி.

ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், திருமழிசை, இந்தச் சுத்துவட்டாரத்துல பச்சையா கண்ணுக்குத் தெரியற கழனியில நிறைய இப்படித்தான் ஓடுது. பத்திரத்துல பேர் இருக்கிறவர் அண்ணா நகர்ல, அமெரிக்காவுல. சேத்துல நிக்கிறவர் பேர் எங்கேயும் இல்லை. ‘சிட்டா நகல் கொண்டு வரவும்’னு ஒரு வரி போட்டா, நிலம் வெச்சிருந்தும் பயிர் வைக்காதவர் வரலாம், பயிர் வைக்கிறவர் வர முடியாது. மேடத்துக்கு அண்ணனை ஒதுக்கணும்கிற எண்ணமே கிடையாது. பாக்கெட் கணக்குக்குப் போட்ட வரி, பாடத்துக்கும் வாசலைச் சாத்திடுது. பாக்கெட்டுக்குச் சிட்டா கேட்கட்டும், எனக்கு அதுல சண்டை இல்லை. முட்டை எப்படி மிதக்குதுன்னு பார்க்கிறதுக்கு எதுக்குச் சிட்டா?

இதைப் படிக்கிறவங்கள்ல சில பேருக்கு எங்க பக்கத்துல இடம் இருக்கும். உங்க அப்பா வாங்கிப் போட்டது இருக்கலாம். அதை யார் ஓட்டுறாங்கன்னு ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க. அவங்க பேரு உங்களுக்குத் தெரியுமான்னு மட்டும் பாருங்க.

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன் தாண்டிப் போனா திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம். நீங்க திருவள்ளூர் லோக்கல்ல எத்தனையோ தடவை தாண்டிப் போயிருப்பீங்க. டி.கே.எம். ரகம் எல்லாம் அங்கே இருந்து வந்ததுதான். உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ஐ.ஆர். 20 அரிசி ஞாபகம் இருக்கும், பிலிப்பைன்ஸ்ல உருவாக்கின அந்த ரகத்துக்கு ஒரு பக்கத்துத் தாய்தகப்பன் நம்ம டி.கே.எம். 6. இவ்வளவு பக்கத்துல இவ்வளவு அறிவு இருக்குது. அது அண்ணன் கழனிக்கு வந்து சேர ஒரு மெசேஜ் தூரம்தான், அந்த மெசேஜ்லதான் வழி அடைபடுது.

மேடத்துகிட்ட இதையெல்லாம் சொன்னேன். கோபப்படலை. “சரி அண்ணா, அடுத்த தடவை நீங்களே எழுதிக் கொடுங்க, நான் போடறேன்”னாங்க. கிண்டலா நிஜமான்னு தெரியலை. நான் நிஜம்னு எடுத்துக்கிட்டேன். சொர்ணவாரிக்கு முன்னாடி எழுதிக் கொடுத்தேன்:

“வர்ற வியாழனுக்கு அடுத்த வியாழன், காலை 7 மணி. தெற்கு மதகு, புங்கமரத்தடி. விதை நெல்லை உப்புத் தண்ணியில் பிரித்துப் பார்க்கிறோம். இன்றைக்கே உங்கள் விதையில் நூறு எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள், அதைப் பிரிக்காமல் கொண்டு வாருங்கள். கூடவே உங்கள் விதை நெல் 2 கிலோ, ஒரு பக்கெட், அன்றைக்கு இட்ட முட்டை. சொந்த நிலம், குத்தகை, வாரம் யாராக இருந்தாலும் வரலாம். காகிதம் எதுவும் வேண்டாம். இடுபொருள் தனியாக வேறொரு நாள், அதற்குத் தனி மெசேஜ் வரும். எட்டரைக்கு முடிந்துவிடும்.”

மேடம் ‘இன்றைக்கே’ங்கிறதுக்கு அடியில கோடு போட முடியாதான்னு கேட்டாங்க, வாட்ஸ்அப்புல முடியலை, அதனால ரெண்டு தடவை எழுதினோம். பத்தொன்பது பேர் வந்தாங்க. அண்ணன் ஆறே முக்காலுக்கே வந்து மரத்தடியில நின்னார். அவர் சுருட்டைப் பிரிச்சு எண்ணினா அறுபத்தி மூணுதான் முளைச்சிருந்துது. ரெண்டாம் தடவை எண்ணச் சொன்னார், அப்பவும் அறுபத்தி மூணு. அன்னிக்கே போய் விதையை மாத்தினார். மிதந்த கருக்காவை மட்டும் விடலை, உப்பு போகக் கழுவிக் காயவெச்சு எங்க கோழிக்குக் கொண்டு வந்து கொட்டினார். முட்டை கொடுத்தது அதுதானேன்னார்.